டயாலிசிஸ் ஷீட்டிலிருந்து மாத அட்டவணை: எடை ஏற்றம், பிரஷர், கேடி/வி கணக்கிடும் முறை

டயாலிசிஸ் யூனிட்டில் ஒவ்வொரு முறையும் ஒரு ஷீட் நிரப்புகிறார்கள். ஏறும்போது எடை, இறங்கும்போது எடை, மணிக்கொரு பிரஷர், மெஷின் எடுத்த தண்ணீர் எல்லாம் அதில் இருக்கும். மாதக் கடைசியில் டாக்டர் பார்க்கும்போது அந்தப் பன்னிரண்டு தாள்களையும் புரட்ட நேரம் இருக்காது. கடைசி இரண்டைப் பார்த்துவிட்டு மருந்தை மாற்றுவதோ மாற்றாமல் விடுவதோ நடக்கும். ஒரே பக்கத்தில் மாதம் முழுவதும் தெரியவேண்டும் என்றால் அட்டவணை போடத்தான் வேண்டும். அது சும்மா சராசரி எடுக்கிற வேலை இல்லை. சராசரி பல நேரம் தவறான ஆளைக் குற்றவாளியாக்கிவிடும்.

வாரம் மூன்று முறை, செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரின் ஜூன் 2025 கணக்கை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. ட்ரை வெயிட், அதாவது உடலில் கூடுதல் தண்ணீர் இல்லாதபோது இருக்கவேண்டிய எடை, 58 கிலோ, ஒரு முறைக்கு நான்கு மணி நேரம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார்.

தாளிலிருந்து எதை எடுப்பது

எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் முதல் வரிசை தலைப்புக்கு. A தேதி, B ஏறும்போது எடை, C இறங்கும்போது எடை, D மெஷின் காட்டிய யூஎஃப், அதாவது எடுத்த தண்ணீர், லிட்டரில், E உண்மையில் ஓடிய நிமிடம், F தொடக்க மேல் பிரஷர், G நடுவில் தொட்ட மிகக் குறைந்த மேல் பிரஷர், H முடிந்தபின் மேல் பிரஷர், I முன் யூரியா, J பின் யூரியா, K குறிப்பு. கீழ் பிரஷரும் வேண்டுமென்றால் அதற்குத் தனி நெடுவரிசை போடுங்கள். 168/92 என்று ஒரே கட்டத்தில் அடித்தால் ஷீட் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கணக்கு ஓடாது.

இரண்டாவது வரிசையில் போன மாதத்தின் கடைசி டயாலிசிஸ் வரவேண்டும். இங்கே அது மே 31, இறங்கும்போது எடை 58.2. இது இல்லாவிட்டால் ஜூன் 3 அன்று எவ்வளவு ஏறியது என்று சொல்லவே முடியாது. ஜூன் கணக்கு மூன்றாவது வரிசையில் தொடங்குகிறது.

தேதியில் ஒரு தொல்லை உண்டு. ஷீட்டின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 03/06/2025 மார்ச் 6 ஆகிவிடும். 14/06/2025 தேதியாகவே ஏறாமல் வெறும் எழுத்தாக நிற்கும். 2025-06-03 என்று ஆண்டை முதலில் வைத்து அடித்தால் இந்தக் குழப்பமே இல்லை.

வராமல் போன நாளுக்கு வரிசை போடாதீர்கள். பூஜ்யமும் வேண்டாம். நம் உதாரணத்தில் ஜூன் 12 வியாழன் வரவில்லை. 10-க்கு அடுத்த வரிசை 14. விட்டுப்போனதை 14-ஆம் தேதி வரிசையின் குறிப்பில் எழுதினால் போதும். வெற்று வரிசை இருந்தால் அடுத்த நாளின் எடை ஏற்றம் அந்த வெற்றுக் கட்டத்தைக் கழித்து 62.6 கிலோ என்று காட்டும்.

கணக்கு நெடுவரிசைகள்

மூன்றாவது வரிசையில் இவற்றை அடித்துக் கீழே இழுத்துவிடுங்கள்.

```
L3  =A3-A2
M3  =B3-C2
N3  =M3/L3
O3  =D3*1000/(E3/60)/C3
P3  =D3-(B3-C3)
```

L இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே எத்தனை நாள். M அந்த இடைவெளியில் ஏறிய எடை. N ஒரு நாளைக்கு எவ்வளவு ஏறியது. O தண்ணீர் எடுத்த வேகம், அதாவது ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு எத்தனை மில்லி. P பதிவைச் சரிபார்க்க.

முதலில் P-ஐப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். மெஷின் எடுத்த அளவு எப்போதும் எடைக் குறைவைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும். முடிவில் ரத்தத்தைத் திருப்பித் தள்ள 200 முதல் 300 மில்லி சலைன் போகிறது. நடுவில் இட்லி, டீ சாப்பிட்டால் அதுவும் சேரும். நம் உதாரணத்தில் எல்லா நாளும் P 0.4 அளவில் நிற்கிறது. ஜூன் 19 அன்று ஏறும்போது எடை 61.0, இறங்கும்போது 58.4, மெஷின் எடுத்தது 3.0 லிட்டர். 61.0-ஐத் தவறுதலாக 60.1 என்று அடித்திருந்தால் P 1.3 ஆகிவிடும், உடனே கண்ணில் படும். கழித்தல் குறியோடு வந்தால் எடையில்தான் கோளாறு. செருப்போடும் சால்வையோடும் ஏறி, இரண்டும் இல்லாமல் இறங்கியிருப்பார், அல்லது வேறு எடை மெஷினில் நின்றிருப்பார். சக்கர நாற்காலியோடு எடை போடுகிறவர்களுக்கு நாற்காலி எடையைக் கழித்தார்களா என்பதையும் கேட்க வேண்டும். P ஒழுங்காக இல்லாத வரிசையைச் சராசரியில் சேர்க்காதீர்கள்.

எடை ஏற்றம்: எங்கிருந்து கழிப்பது

பலரும் செய்கிற தவறு, வந்த எடையிலிருந்து ட்ரை வெயிட்டைக் கழிப்பது. ஜூன் 17-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வந்த எடை 62.3. ட்ரை வெயிட் 58-ஐக் கழித்தால் 4.3 கிலோ, வீட்டில் ஏகத்துக்குத் தண்ணீர் குடித்துவிட்டார் என்று திட்டு விழும். ஆனால் 14-ஆம் தேதி அவர் 59.4-இல்தான் இறங்கினார். மூன்று நாளில் உண்மையில் ஏறியது 2.9. மீதி 1.4 கிலோ யூனிட்டில் எடுக்காமல் விட்டது. இரண்டும் வேறு வேறு பிரச்சினை. ஒன்றுக்கு உப்பையும் தண்ணீரையும் பார்க்க வேண்டும், மற்றதற்கு டயாலிசிஸ் நேரத்தைப் பார்க்க வேண்டும். அதனால்தான் M-இல் முந்தைய வரிசையின் C-ஐக் கழிக்கிறோம்.

அடுத்தது இடைவெளி. சனிக்குப் பின் செவ்வாய் வரை மூன்று நாள், மற்றவை இரண்டு நாள். இரண்டையும் கலந்து மாதத்துக்கு ஒரே சராசரி எடுத்தால் நம் உதாரணத்தில் 2.7 கிலோ வரும். அப்படி 2.7 கிலோ ஏறிய நாள் இந்த மாதத்தில் ஒன்றுகூட இல்லை. பிரித்துப் பாருங்கள்.

```
=AVERAGEIFS(M3:M13,L3:L13,2)
=AVERAGEIFS(M3:M13,L3:L13,3)
```

இரண்டு நாள் இடைவெளி ஆறு, சராசரி 2.15 கிலோ. மூன்று நாள் இடைவெளி நான்கு, சராசரி 3.2 கிலோ. ஒரு முறை வராததால் நான்கு நாள் ஆன ஜூன் 14 அன்று 4.2. ட்ரை வெயிட்டில் இவை முறையே 3.7, 5.5, 7.2 சதவீதம். ஏற்றம் ட்ரை வெயிட்டில் 4 முதல் 4.5 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்று பல யூனிட்டுகளில் சொல்வார்கள். அந்தக் கணக்கில் மூன்று நாள் இடைவெளி எல்லாமே தாண்டுகிறது.

இப்போது N-ஐப் பாருங்கள். இரண்டு நாள் இடைவெளியில் ஒரு நாளைக்கு 1.08 கிலோ, மூன்று நாளில் 1.07, நான்கு நாளில் 1.05. இவர் சாப்பாட்டிலோ குடிப்பதிலோ மாதம் முழுக்க எதுவும் மாறவே இல்லை. 14-ஆம் தேதியின் 4.2 கிலோ விட்டுப்போன வியாழனின் கணக்கு, அவ்வளவுதான். நாளொன்றுக்கு என்ற இந்த ஒரு நெடுவரிசையை விட்டுவிட்டால் அட்டவணையே தேவையில்லை என்பேன். மாறாக N ஒரு வாரம் 1.0, மறு வாரம் 1.7 என்று தாவினால் அப்போது வீட்டில் என்ன மாறியது என்று கேட்பதில் அர்த்தம் உண்டு. கல்யாண வீடு, ஊறுகாய், கருவாடு, கோடை வெயில் எல்லாம் அங்கேதான் தெரியும்.

மாத நடுவில் டாக்டர் ட்ரை வெயிட்டை மாற்றினால் அதற்கென ஒரு நெடுவரிசை சேர்த்து அன்றிலிருந்து புதிய எண்ணைப் போடுங்கள். பழைய வரிசைகளின் சதவீதத்தைத் திருத்த வேண்டாம்.

பிரஷர்: மூன்று எண்கள், ஒரு வேகம்

முன், பின் இரண்டை மட்டும் எழுதினால் நடுவில் நடந்தது மறைந்துவிடும். 150-இல் தொடங்கி 140-இல் முடிந்த டயாலிசிஸில் மூன்றாம் மணி நேரத்தில் 84 வரை போயிருக்கலாம். அதனால் மணிக்கொரு முறை எழுதிய வரிசையில் மிகக் குறைந்ததைத் தேடி G-இல் போட வேண்டும். குறிப்பில் அதற்கான காரணமும் செய்த வேலையும் இரண்டு சொல்லில்: குடைச்சல், வாந்தி, சலைன் 100 மில்லி, யூஎஃப் நிறுத்தம்.

பிரஷருக்குச் சராசரியைவிட நடு எண் நல்லது. ஒரே ஒரு 182 சராசரியை இழுத்துவிடும். இங்கே தொடக்க மேல் பிரஷரின் சராசரி 159, நடு எண் 154. இதையும் இடைவெளி வாரியாகப் பிரிக்கலாம்.

```
=MEDIAN(FILTER(F3:F13,L3:L13=2))
=MEDIAN(FILTER(F3:F13,L3:L13=3))
=COUNTIF(G3:G13,"<90")
```

இரண்டு நாள் இடைவெளியில் 149, மூன்று நாளில் 167, நான்கு நாளுக்குப் பின் 182. தண்ணீர் ஏற ஏற பிரஷர் ஏறுகிறது. மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் தண்ணீரைப் பார்க்க வேண்டிய ஆள் என்று இந்த மூன்று எண்ணும் டாக்டருக்குச் சொல்லிவிடும். இடைவெளி எதுவானாலும் ஒரே மாதிரி 170 இருந்தால் கதை வேறு. டயாலிசிஸ் அன்று காலையில் பிரஷர் மாத்திரை போட்டாரா இல்லையா என்பது குறிப்பில் இல்லாவிட்டால் இந்த ஒப்பீடு கெட்டுவிடும்; அதைக் கேட்டு எழுதுங்கள். ஃபிஸ்டுலா இல்லாத கையில், உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து எடுத்த அளவாக இருக்கட்டும். டயாலிசிஸ் முடிந்தபின் மேல் பிரஷர் தொடக்கத்தைவிட 10-க்கு மேல் கூடியிருக்கும் நாட்களையும் எண்ணி வையுங்கள். அது அடிக்கடி வந்தால் டாக்டர் தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

90-க்குக் கீழே போனது இரண்டு முறை, ஜூன் 7 அன்று 88, ஜூன் 14 அன்று 84. ஏன் என்பதற்கு O நெடுவரிசைக்குப் போங்கள். ஜூன் 7 அன்று ஆர்ஓ பிளான்ட் பழுதாகி யூனிட்டில் எல்லோருக்கும் மூன்று மணி நேரம்தான் ஓட்டினார்கள். எடுத்தது 2.6 லிட்டர், அதிகம் இல்லை. ஆனால் மூன்று மணி நேரத்தில் எடுத்ததால் வேகம் 14.9. ஜூன் 14 அன்று 3.6 லிட்டர், பிரஷர் இறங்கி 210 நிமிடத்தில் நிறுத்தினார்கள், வேகம் 17.3. இதே 58 கிலோ ஆளிடம் ஜூன் 21 அன்று நான்கு மணி நேரத்தில் 2.8 லிட்டர் எடுத்தபோது வேகம் 12. எந்தச் சிக்கலும் இல்லை.

மணிக்குக் கிலோவுக்கு 13 மில்லி என்பது அமெரிக்காவில் தர அளவுகோலாக வைத்திருந்த எல்லை. இங்கும் பல டாக்டர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். இவருக்கு அது நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 3 லிட்டர். அதற்கு மேல் எடுக்க வேண்டியிருந்தால் நேரத்தை நீட்ட வேண்டும் அல்லது இன்னொரு நாள் வரவைக்க வேண்டும். ஜூனில் 11-இல் 6 முறை இந்த எல்லை தாண்டியிருக்கிறது. மூன்று நாள் இடைவெளிக்குப் பின் வந்த செவ்வாய் நான்கும் அதில் அடக்கம்.

யூஆர்ஆர், கேடி/வி

ரத்தம் எவ்வளவு சுத்தமானது என்பதை மாதம் ஒரு முறை முன், பின் யூரியா எடுத்துப் பார்க்கிறார்கள். வாரத்தின் நடு டயாலிசிஸில் எடுப்பது வழக்கம். இங்கே ஜூன் 19 வியாழன். முன் யூரியா 128, பின் யூரியா 40. டயாலிசிஸ் போதுமான அளவு நடந்ததா என்று காட்ட லேப் அறிக்கையில் Kt/V என்று அச்சாகிற எண்ணை டௌகிர்தாஸ் என்ற டாக்டர் 1993-இல் வெளியிட்ட சூத்திரத்தால் நீங்களே போடலாம்.

```
Q3  =IF(J3="","",(I3-J3)/I3*100)
R3  =IF(J3="","",-LN(J3/I3-0.008*E3/60)+(4-3.5*J3/I3)*(B3-C3)/C3)
```

கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள். 40-ஐ 128-ஆல் வகுத்தால் 0.3125. யூரியா எத்தனை சதவீதம் குறைந்தது என்பதுதான் யூஆர்ஆர், இங்கே அது 68.8 சதவீதம். 0.008-ஐ நான்கு மணியால் பெருக்கினால் 0.032; கழித்தால் 0.2805, அதன் இயல் மடக்கையைக் குறி மாற்றினால் 1.27. எடுத்த எடை 2.6 கிலோவை 58.4-ஆல் வகுத்து 2.906-ஆல் பெருக்கினால் 0.13. கூட்டினால் 1.40. வாரம் மூன்று முறை செய்பவர்களுக்குக் குறைந்தபட்சம் 1.2, குறி 1.4 என்பது அமெரிக்கச் சிறுநீரக அமைப்பின் கேடிஓக்யூஐ 2015 வழிகாட்டுதல். யூஆர்ஆர் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இவர் தேறிவிட்டார்.

தேறிவிட்டாரா என்று உறுதியாகச் சொல்வதற்கு முன் ரத்தம் எடுத்த விதத்தைக் கேட்க வேண்டும். இந்தக் கணக்கில் வரும் பெரிய பிழைகள் சூத்திரத்தில் இல்லை, சிரிஞ்சில் இருக்கின்றன. முன் மாதிரி, சலைனோ ஹெப்பாரினோ கலப்பதற்கு முன் எடுத்ததாக இருக்க வேண்டும். பின் மாதிரிக்கு டயாலிசேட்டை நிறுத்தி, ரத்த பம்ப்பை நிமிடத்துக்கு 100 மில்லியாக இறக்கி, 15 விநாடி கழித்து, ஆர்ட்டரி பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். ரத்தத்தைத் திருப்பித் தள்ளிய பிறகு எடுத்தால் சலைன் கலந்துவிடும். 40 வரவேண்டிய இடத்தில் 36 வந்தாலே போதும், கேடி/வி 1.40-இலிருந்து 1.52-க்கு ஏறிவிடும். முன் மாதிரி நீர்த்துப்போனால் நேர் எதிராகக் குறைத்துக் காட்டும்.

இன்னொரு பொறி லேப் மாறும்போது. நம் ஊர் லேப்கள் பெரும்பாலும் யூரியா என்று தருகின்றன. சில பியூஎன், அதாவது யூரியாவிலுள்ள நைட்ரஜனின் அளவை மட்டும் தருகின்றன. யூரியாவை 2.14-ஆல் வகுத்தால் பியூஎன். இரண்டும் ஒரே வகையாக இருந்தால் விகிதம் மாறாது, கவலை இல்லை. முன் அளவு யூரியாவாகவும் பின் அளவு பியூஎன்னாகவும் வந்துவிட்டால் 128-க்கு எதிரே 18.7 நிற்கும், யூஆர்ஆர் 85, கேடி/வி 2.33 என்று வரும். நான்கு மணி நேர டயாலிசிஸில் 2-க்கு மேல் கேடி/வி வந்தால் சந்தோஷப்படாமல் லேப் தாளில் தலைப்பைப் படியுங்கள்.

மாதாமாதம் முன் யூரியாவையும் அட்டவணையில் விடாமல் எழுதுங்கள். சாப்பிடாமல் இளைத்துக்கொண்டு வருபவருக்கு முன் யூரியா 128-இலிருந்து 70-க்கு இறங்கும். கேடி/வி நன்றாகவே இருக்கும். அதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைப்பதுதான் ஆபத்து.

கேடி/வி ஒரு நாளின் எண், மாதத்தின் எண் இல்லை. ஜூன் 19-இன் 1.40-க்கு ஜூன் 12 வராதது தெரியாது, ஜூன் 7 மூன்று மணி நேரத்தில் முடிந்தது தெரியாது. அதனால் பக்கத்திலேயே ஓடிய நிமிடங்களைக் கூட்டி வைக்க வேண்டும். 12 முறை, 240 நிமிடம் என்றால் 2,880. கிடைத்தது 2,550, 89 சதவீதம். கேடி/வி குறையாமல் இந்த எண் 80-க்குப் போகிற நோயாளிகள் உண்டு.

நேரமும் ரத்த ஓட்டமும் அப்படியே இருக்க யூஆர்ஆர் 69-இலிருந்து 60-க்கு இறங்கினால் முதலில் மாதிரியைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். மறுபடியும் 60 என்றால் ஃபிஸ்டுலா சுருங்கி, சுத்தமான ரத்தமே திரும்ப மெஷினுக்குள் போகிறதா, ஊசிகள் நெருங்கிவிட்டனவா, மறுபயன்பாட்டில் டயாலைசரின் இழைகள் அடைத்துவிட்டனவா என்று பார்ப்பார்கள். பம்ப் வேகத்தையும் டயாலைசர் எத்தனையாவது முறை என்பதையும் குறிப்பில் எழுதியிருந்தால் அந்தப் பேச்சு சீக்கிரம் முடியும்.

டாக்டரிடம் போகும் ஒரு பக்கம்

| ஜூன் 2025, ட்ரை வெயிட் 58 | |
|---|---|
| வந்தது / வரவேண்டியது | 11 / 12 |
| ஓடிய நிமிடம் | 2,550 / 2,880 |
| ஏற்றம், 2 நாள் இடைவெளி | 2.15 கிலோ |
| ஏற்றம், 3 நாள் இடைவெளி | 3.2 கிலோ |
| ஏற்றம், ஒரு நாளைக்கு | 1.05 – 1.08 கிலோ |
| தொடக்க மேல் பிரஷர், 2 நாள் / 3 நாள் | 149 / 167 |
| 90-க்குக் கீழே போனது | 2 முறை (7, 14) |
| வேகம் 13-ஐத் தாண்டியது | 6 முறை |
| முன் / பின் யூரியா (19-ஆம் தேதி) | 128 / 40 |
| யூஆர்ஆர், கேடி/வி | 68.8%, 1.40 |

இதற்கு மேல் வரிகளைச் சேர்த்தால் யாரும் படிக்க மாட்டார்கள். ஹீமோகுளோபின், பாஸ்பரஸ் எல்லாம் லேப் தாளிலேயே இருக்கட்டும். ட்ரை வெயிட்டை மாற்றுவது, மாத்திரையைக் குறைப்பது போன்ற முடிவுகளை அட்டவணையைப் பார்த்து வீட்டில் எடுக்க வேண்டாம்.

வாரம் இரண்டு முறை செய்பவர்களுக்கு

தமிழ்நாட்டில் வாரம் இரண்டு முறை மட்டும் செய்துகொள்பவர்கள் நிறையப் பேர். எடை, பிரஷர் பகுதி அப்படியே பொருந்தும்; இடைவெளி மட்டும் மூன்று நாள், நான்கு நாள் என்று வரும். கேடி/வி பகுதி பொருந்தாது. 1.2, 1.4 இரண்டும் வாரம் மூன்று முறைக்கான எல்லைகள். சூத்திரத்திலுள்ள 0.008-உம் அதற்கானதே, இரண்டு முறைக்குப் போட்டால் சுமார் 0.03 கூட்டிக் காட்டும், அது பெரிதில்லை. பெரிய விஷயம், 1.4 வந்தாலும் வாரத்துக்கு அது போதாமல் இருக்கலாம் என்பது. இதற்கென வாரக் கணக்கு ஒன்று தனியாக உண்டு, அதில் குறைந்தபட்சம் 2.1, குறி 2.3. ஒரு முறையின் கேடி/வியை இரண்டால் பெருக்கி 2.8 வந்துவிட்டது, தாண்டிவிட்டோம் என்று எழுதிவிடாதீர்கள். வாரக் கணக்கு அப்படிப் பெருக்கி வருவதில்லை, அதற்கான கால்குலேட்டரில் டாக்டர் போட வேண்டும்.

அந்தக் கணக்குக்கு நோயாளியின் சிறுநீரும் வேண்டும். இன்னும் சிறுநீர் போகிறவர்களுக்கு ஒரு டயாலிசிஸ் முடிந்ததிலிருந்து அடுத்தது தொடங்கும்வரை முழுவதையும் ஒரு கேனில் சேர்த்து, மொத்த மில்லியையும் எத்தனை மணி நேரம் என்பதையும் குறித்து லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். நடுவில் ஒரு முறை கழிப்பறையில் போய்விட்டால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அந்தச் சேகரிப்பை விட்டுவிட்டு அடுத்த இடைவெளியில் புதிதாகத் தொடங்கலாம்.